ரெப்போ 0.40 ஏறினால் பத்திர விலை எவ்வளவு இறங்கும்?

அரசுக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் ஃபண்டின் மாத அறிக்கையைப் பார்த்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “மெக்காலே டியூரேஷன், மாடிஃபைட் டியூரேஷன் என்று இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள். முதலாவது ஆண்டுக் கணக்கு என்கிறார்கள். இரண்டாவதை வைத்து விலை இறக்கத்தைக் கணிக்கலாம் என்கிறார்கள். ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண். காலத்தை அளக்கும் எண் எப்படி விலையின் ஆட்டத்தையும் அளக்கும்?”

கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. அந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல.

ஓர் எளிய பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முகமதிப்பு 100 ரூபாய், கூப்பன் 7 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை வட்டி, 5 ஆண்டில் முதிர்வு. சந்தையில் இதன் வருவாய் விகிதம், அதாவது ஈல்டு, 7 சதவீதம். வரப்போகும் ஒவ்வொரு தொகையையும் அது வர எத்தனை ஆண்டு ஆகுமோ அத்தனை முறை 1.07 ஆல் வகுத்தால் அதன் இன்றைய மதிப்பு கிடைக்கும் என்பது பள்ளிக் கூட்டுவட்டிப் பாடத்தைத் திருப்பிப் போட்டதுதான். முதல் நான்கு ஆண்டுகளின் 7 ரூபாய்கள் இன்று 6.54, 6.11, 5.71, 5.34 ரூபாய் பெறும். ஐந்தாம் ஆண்டில் அசலும் வட்டியுமாக வரும் 107 ரூபாய் இன்று 76.29 பெறும். கூட்டினால் 100. அதுதான் விலை.

இப்போது ஒவ்வொரு மதிப்பையும் அதன் ஆண்டால் பெருக்குங்கள்: 6.54, 12.23, 17.14, 21.36, 381.45. இவற்றின் கூட்டுத்தொகை 438.72. அதை விலையான 100 ஆல் வகுத்தால் 4.39 ஆண்டு. இதுதான் மெக்காலே டியூரேஷன்: பணம் கைக்கு வர ஆகும் சராசரிக் காலம். அந்தச் சராசரியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் உள்ள எடை, அன்று வரும் தொகையின் இன்றைய மதிப்பு. 1938இல் இதை முன்வைத்தவர் அமெரிக்காவின் தேசியப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரெடெரிக் மெக்காலே. நம் ஊர்ப் பாடநூல்களில் 1835ஆம் ஆண்டுக் கல்விக் குறிப்போடு வரும் மெக்காலே வேறு ஆள்.

வாசகரின் கேள்விக்கு விடை அடுத்த படியில் இருக்கிறது. ஈல்டு 7 சதவீதத்திலிருந்து 7.01க்கு நகர்கிறது என்று வையுங்கள். சந்தைக்காரர்கள் இதை ஒரு பேசிஸ் பாயிண்ட் என்பார்கள். வகுக்கும் எண் 1.07 ஆக இருந்தது 1.0701 ஆகிறது. ஒருமுறை வகுக்கும்போது இதனால் வரும் கூடுதல் தேய்மானம் 0.0001ஐ 1.07 ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 0.00935 சதவீதம். ஓராண்டில் வரும் பணம் ஒருமுறை மட்டுமே வகுபடுகிறது. அதற்கு இந்தத் தேய்மானம் ஒரு மடங்கு. இரண்டாம் ஆண்டுப் பணம் இரண்டு முறை வகுபடுகிறது, இரண்டு மடங்கு. ஐந்தாம் ஆண்டின் 107 ரூபாய் ஐந்து முறை வகுபட்டு ஐந்து மடங்கு தேய்கிறது.

ஆக ஒவ்வொரு தொகையும் எத்தனை ஆண்டு தள்ளி இருக்கிறதோ அத்தனை மடங்கு இழக்கிறது. மொத்தப் பத்திரத்தின் இழப்பு இவற்றின் சராசரி, எடையும் அதே இன்றைய மதிப்புகள்தான். அப்படியானால் சராசரி இழப்பு என்பது சராசரி ஆண்டை 0.00935 சதவீதத்தால் பெருக்கியது. காலத்தை அளந்த எண்ணே விலையின் ஆட்டத்தையும் அளந்துவிட்டது! நிதிக் கணிதத்தில் இவ்வளவு அழகாக இரண்டு பொருள்கள் ஒரே எண்ணில் வந்து சேரும் இடம் அதிகம் இல்லை.

அந்த 1.07 ஆல் வகுத்தலை ஒவ்வொரு முறையும் செய்யாமல் முன்கூட்டியே செய்து வைத்தால் கிடைப்பதுதான் மாடிஃபைட் டியூரேஷன்: 4.387 ÷ 1.07 = 4.10. பயன்படுத்தும் விதம் இது:

```
விலை மாற்றம் (%) ≈ −(மாடிஃபைட் டியூரேஷன்) × ஈல்டு மாற்றம் (%)
```

ஈல்டு 7இலிருந்து 7.5க்கு ஏறினால் 4.10 × 0.5 = 2.05 சதவீத இறக்கம், விலை 97.95. முழுக் கணக்கையும் புதிதாகப் போட்டுப் பார்த்தால் 97.98. மூன்று பைசா வித்தியாசம்தான். ஈல்டு 6.5க்கு இறங்கினால் மதிப்பீடு 102.05, உண்மை விலை 102.08. இரண்டு பக்கமும் உண்மை விலை மதிப்பீட்டைவிடக் கொஞ்சம் மேலே நிற்பதைக் கவனியுங்கள். விலைக்கும் ஈல்டுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல, கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்த கோடு. டியூரேஷன் அதை ஓரிடத்தில் தொட்டுச் செல்லும் நேர்கோடு.

நகர்வு பெரிதானால் வளைவு தன்னைக் காட்டும். ஈல்டு 9க்குப் போனால் மதிப்பீடு 91.80, உண்மை விலை 92.22. பிழை 42 பைசா. நகர்வு அரை சதவீதத்திலிருந்து நான்கு மடங்காக, பிழை ஏறத்தாழ பதினாறு மடங்காகிவிட்டது. இதைத் திருத்தவே கான்வெக்ஸிட்டி என்ற இன்னொரு எண் உண்டு. இந்தப் பத்திரத்துக்கு அது சுமார் 22. அதில் பாதியை நகர்வின் வர்க்கத்தால், அதாவது 0.02 × 0.02 ஆல் பெருக்கினால் 0.44 சதவீதம். அதைச் சேர்த்தால் மதிப்பீடு 92.24. அரை சதவீதத்துக்குள் உள்ள நகர்வுக்கு இந்தத் திருத்தம் தேவைப்படுவதில்லை.

கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி வழுக்குவது வேறோர் இடத்தில். நம் மத்திய அரசின் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருபவை. மேலே சொன்ன பத்திரம் அப்படி 3.50 ரூபாயாகத் தந்தால் பணம் சற்று முன்னதாக வருவதால் மெக்காலே டியூரேஷன் 4.30 ஆகக் குறையும். மாடிஃபைட் எண்ணுக்கு அதை 1.07 ஆல் அல்ல, அரையாண்டு விகிதமான 1.035 ஆல் வகுக்க வேண்டும். சரியான விடை 4.16. மறந்து 1.07 ஆல் வகுத்தால் 4.02 வரும், பார்வைக்குச் சரிபோலவே தெரியும். மாடிஃபைட் எண்ணைத் திரும்ப மெக்காலேயோடு ஒப்பிட்டு, இடைவெளி மாடிஃபைட் எண்ணில் ஈல்டின் பாதியான 3.5 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்தால் தவறு பிடிபடும்.

இன்னொரு தவறு செய்திகளைப் பார்த்துக் கணக்குப் போடும்போது வருகிறது. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி வழக்கமான கூட்ட நாளுக்கு வெளியே ரெப்போ விகிதத்தை 4.00இலிருந்து 4.40க்கு உயர்த்தியது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் மாடிஃபைட் டியூரேஷன் அப்போது ஏறத்தாழ 7. பலர் 7 × 0.40 என்று பெருக்கி 2.8 சதவீத இறக்கத்தை எதிர்பார்ப்பார்கள். ஆனால் சூத்திரத்தில் போட வேண்டியது அந்தப் பத்திரத்தின் சொந்த ஈல்டு மாற்றம். அன்று அது 7.12இலிருந்து 7.38க்கு, அதாவது 0.26 ஏறியது. 7 × 0.26 = 1.8 சதவீதம்தான். ரெப்போ என்பது வங்கிகளின் மிகக் குறுகிய காலக் கடனுக்கான விகிதம். பத்தாண்டு ஈல்டில் அடுத்த பல ஆண்டுகளுக்கான எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதி அறிவிப்புக்கு முன்பே ஏறியிருக்கலாம்.

ஒரு ஃபண்டுக்கு ஒற்றை டியூரேஷன் எண்ணை அச்சிடும்போதும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. அந்த எண், எல்லா முதிர்வுகளின் ஈல்டும் ஒரே அளவு நகர்வதாக வைத்துக்கொள்கிறது. ஒரு ஃபண்டில் 5 ஆண்டுப் பத்திரங்கள் மட்டும் இருக்கின்றன, இன்னொன்றில் 1 ஆண்டும் 15 ஆண்டும் கலந்து அதே சராசரி வருகிறது என்றால், அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குறுகிய கால ஈல்டு அசையாமல் 15 ஆண்டு ஈல்டு மட்டும் ஏறும் நாளில் இரண்டாவது ஃபண்ட் அடிவாங்கும், முதலாவது கிட்டத்தட்ட அசையாது. செபியின் 2017 வகைப்பாடும் குறுகிய காலம் 1 முதல் 3 ஆண்டு, நீண்ட காலம் 7க்கு மேல் என்று இந்தச் சராசரியைக் கொண்டே பிரிக்கிறது. சராசரியோடு எந்த முதிர்வில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற அட்டவணையையும் ஒவ்வொரு ஃபண்டும் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது கிடைத்தால் ஒவ்வொரு முதிர்வுக்கும் அதன் சொந்த ஈல்டு மாற்றத்தைப் போட்டு, மேலே செய்த பெருக்கலை வரிவரியாகச் செய்து கூட்டிக்கொள்ளலாம்.