நெடுந்தூர வீரர்களின் ஓய்வுநிலைக் கலோரி: சூத்திரம் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

28 வயது சைக்கிள் பந்தய வீரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எடை 68 கிலோ, உயரம் 180 செ.மீ., உடல் கொழுப்பு 8 சதவீதம். அசையாமல் படுத்திருந்தால் ஒரு நாளைக்கு அவர் உடல் எவ்வளவு கலோரி எரிக்கும்? பெரும்பாலான செயலிகளில் இருப்பது 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். ஆண்களுக்கு அது இப்படி: எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, கடைசியில் 5 கூட்ட வேண்டும். 680 + 1125 − 140 + 5 = 1670 கலோரி.

அதே வீரரை ஆய்வகத்தில் படுக்கவைத்து, தலைமேல் ஒளிபுகும் கவிகை மூடி மூச்சை அளக்கிறோம். நிமிடத்துக்கு 278 மி.லி. ஆக்சிஜன் உள்ளே போகிறது, 228 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று வையுங்கள். வியர் சமன்பாட்டின்படி ஆக்சிஜனை 3.941-ஆலும் கார்பன் டை ஆக்சைடை 1.106-ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையை 1.44-ஆல் பெருக்கினால் நாள் கணக்கு கிடைக்கும்: சுமார் 1940 கலோரி. சூத்திரம் 270 கலோரி குறைவாகச் சொல்லிவிட்டது. எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஆனால் நன்கு சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்யும் வீரர்களிடம் இந்த அளவு இடைவெளி அரிதல்ல.

முதல் காரணம், எந்த உடல்களைப் பார்த்துச் சூத்திரம் உருவானது என்பது. மிஃப்லின் குழு அளந்தது ஆரோக்கியமான 498 பேரை. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பருமனானவர்கள். அதனால் சூத்திரத்தில் ‘ஒரு கிலோவுக்கு 10 கலோரி’ என்று வரும்போது, அந்தக் கிலோ கொழுப்பும் தசையும் உறுப்பும் பொதுமக்களிடம் இருக்கும் விகிதத்தில் கலந்த ஒன்று. நம் வீரரின் கிலோவில் கொழுப்பு மிகக் குறைவு. எடையும் உயரமும் வயதும் மட்டும் தெரிந்த சூத்திரத்துக்கு அவரையும், அதே எடையில் 20 சதவீதக் கொழுப்போடு அலுவலக வேலை பார்ப்பவரையும் பிரித்தறிய வழியே இல்லை.

கொழுப்பைத் தவிர்த்த எடையை, அதாவது கொழுப்பற்ற நிறையை, கணக்கில் எடுப்பது 1980-இல் வந்த கன்னிங்ஹாம் சூத்திரம்: 500-உடன் கொழுப்பற்ற நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 22 சேர்க்க வேண்டும். நம் வீரருக்கு அந்த நிறை 62.6 கிலோ, விடை சுமார் 1876. அளவீட்டுக்கு வெகு அருகில் வந்துவிட்டோம். இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கன்னிங்ஹாம் புதிதாக யாரையும் அளக்கவில்லை. ஹாரிஸும் பெனடிக்டும் 1919-இல் வெளியிட்ட பழைய தரவுகளையே எடுத்தார். அதிலிருந்த பயிற்சி பெற்ற 16 விளையாட்டு வீரர்களை நீக்கிவிட்டு, மீதி 223 பேரை வைத்துத்தான் கணக்கிட்டார். இன்று வீரர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் சூத்திரம் வீரர்களே இல்லாத கூட்டத்திலிருந்து வந்தது. அதனால்தான் அதுவும் சில வேளை குறைத்துச் சொல்கிறது.

‘தசை அதிகம், அதனால் கலோரி அதிகம்’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கணக்குப் போட்டால் அது போதாது. ஓய்வில் ஒரு கிலோ எலும்புத்தசை நாளைக்கு ஏறக்குறைய 13 கலோரியும், ஒரு கிலோ கொழுப்புத் திசு 4.5 கலோரியும் எரிக்கின்றன. அலுவலக நண்பரைவிட நம் வீரருக்கு 8.2 கிலோ கொழுப்பு குறைவு, அதே அளவு கொழுப்பற்ற நிறை கூடுதல். அந்த 8.2 கிலோவும் தசை என்றே வைத்தாலும் வித்தியாசம் சுமார் 70 கலோரிதான். இன்னும் 200 கலோரிக்கு விடை வேண்டும்.

ஒரு பகுதி உறுப்புகளில் இருக்கிறது. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்குச் சுமார் 440 கலோரி எரிப்பவை, கல்லீரல் 200. நெடுந்தூரப் பயிற்சி இதயத்தைப் பெரிதாக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கொழுப்பற்ற நிறை கூடிய உடல்களில் கல்லீரலும் சிறுநீரகமும் பொதுவாகப் பெரியவை. இதயம் 100 கிராம், கல்லீரல் 300 கிராம், சிறுநீரகங்கள் 50 கிராம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டால் 44, 60, 22 ஆக மொத்தம் 126 கலோரி. அரைக் கிலோவுக்கும் குறைவான உறுப்பு, எட்டுக் கிலோ தசையைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடுகிறது.

மிச்சம் உள்ளது நேற்றைய பயிற்சியின் பாக்கி. நீண்ட பயிற்சிக்குப் பின் தசை கிளைக்கோஜனை நிரப்புகிறது, சேதமான புரதங்களை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறது. பரிவு நரம்பு மண்டலமும் சற்றுத் தூண்டப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஆற்றல் செலவாகும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: செலவழித்த அளவுக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். நிறைய எரித்து நிறைய உண்ணும் நாட்களில் ஓய்வுநிலை வீதம் உயர்கிறது. அதே பயிற்சியைக் குறைந்த உணவோடு செய்தால் அந்த உயர்வு கிடைப்பதில்லை.

இடைவெளி உண்மையா, அளவீட்டுப் பிழையா என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வகத்துக்குச் சைக்கிளில் மிதித்து வந்தவர், காலையில் காபி குடித்தவர், 12 மணி நேரத்துக்கு முன் விட்டுவிட்டுச் செய்யும் கடுமையான பயிற்சியை முடித்தவர் ஆகிய எல்லோருக்கும் எண் ஏறித்தான் காட்டும். இரவு முழுக்க வெறும் வயிறு, முடிந்தால் 24 மணி நேரம் பயிற்சியின்மை, கருவிக்கு வாயு அளவுத்திருத்தம், 20 நிமிடம் அமைதியாகப் படுத்திருத்தல், பிறகு அளவீட்டின் முதல் 5 நிமிடத்தை விட்டுவிட்டு நிலையான பகுதியை மட்டும் எடுத்தல்: இதுதான் ஒழுங்கு. வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை ஆக்சிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. நம் வீரருக்கு அது 0.82. இந்த எண் 0.70-க்குக் கீழே போனால் கருவியில் கசிவோ அளவுத்திருத்தப் பிழையோ இருக்கலாம், 1.0-ஐத் தாண்டினால் பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டிருக்கலாம். இரண்டு வகையிலும் அந்த அளவீட்டைத் தூக்கிப்போட்டு இன்னொரு நாள் அளப்பதே சரி.

இங்கேதான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது. அதே உடலமைப்புள்ள இன்னொரு வீரருக்கு அளவீடு 1680 என்று வருகிறது. மிஃப்லின் 1670 என்றது. பொருந்திவிட்டது, எல்லாம் நலம் என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் கன்னிங்ஹாமின் 1876-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.90-க்குச் சற்றுக் கீழே. இந்த விகிதம் 0.90-க்குக் கீழே இறங்குவது, நீண்ட நாள் போதாத உணவால் உடல் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. பொதுச் சூத்திரம் குறைத்துச் சொல்லும் அளவும், பட்டினியால் உடல் இறங்கும் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுகிறது.

விகிதம் மட்டுமே நோயறிதல் ஆகாது. 1991-இல் கன்னிங்ஹாமே வெளியிட்ட திருத்திய சூத்திரம் 370-உடன் கிலோவுக்கு 21.6 சேர்க்கிறது. அதன்படி இவருக்கு 1721, விகிதம் 0.98-ஆகி, எச்சரிக்கையே மறைந்துவிடும். எந்தச் சூத்திரம் என்று எழுதாத விகிதத்துக்குப் பொருளில்லை. கொழுப்பளவை 3 சதவீதப் புள்ளி தவறாக எடுத்தால் மட்டும் கன்னிங்ஹாம் விடை 45 கலோரி நகரும். கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய மாவுச்சத்து நிரப்பலுக்குப் பின் அளந்தால் கொழுப்பற்ற நிறை ஊதிக் காட்டும். எனவே விகிதம் தாழ்ந்த வீரரிடம் டி3 தைராய்டு ஹார்மோன், பெண்ணாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்கு, ஆணாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், எலும்பு முறிவு வரலாறு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவையும் அதே குறையைக் காட்டினால், சில வாரங்கள் உணவைக் கூட்டிவிட்டு, அதே கருவியில், அதே நேரத்தில், அதே சூத்திரத்தோடு மறுபடி அளக்கலாம். அப்போது 1680 மெல்ல 1850-ஐ நோக்கி ஏறினால், முதல் நாள் பொருந்தியது போல் தெரிந்தது சூத்திரத்தின் குறையும் வீரரின் பசியும் தற்செயலாக ஒரே எண்ணில் சந்தித்ததால்தான்.