நீளமான பத்தியை எங்கே உடைப்பது?

இட்லி மாவு பற்றி ஒருவர் பதினாறு வாக்கியங்களை ஒரே பத்தியாக எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வாக்கியங்கள் அரிசியும் உளுந்தும் ஊறுவதைச் சொல்கின்றன. ஆறு முதல் ஒன்பது வரை கிரைண்டரில் அரைப்பது. பத்திலிருந்து கடைசி வரை மாவு புளிப்பதும், குளிர் நாட்களில் அது பொங்காமல் போவதும். நான்கு வாக்கியத்துக்கு ஒரு முறை என்டர் தட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஊறவைப்பதின் கடைசி வாக்கியம் அரைக்கும் பத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெட்ட வேண்டிய இடத்தைச் சொற்களே காட்டிக்கொடுக்கும். ஒரு விஷயத்தைப் பேசும்வரை சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. விஷயம் மாறும்போது அவை ஓய்ந்து வேறு சொற்கள் தொடங்குகின்றன. அமெரிக்கக் கணினி அறிஞர் மார்ட்டி ஹர்ஸ்ட் 1990களில் இதை ஒரு கணக்காகவே ஆக்கினார். டெக்ஸ்ட்டைலிங் என்று அதற்குப் பெயர். உரையின் ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று, முன்னால் உள்ள பகுதிக்கும் பின்னால் உள்ள பகுதிக்கும் எத்தனை சொற்கள் பொதுவாக இருக்கின்றன என்று அளக்க வேண்டும். இந்த ஒற்றுமையை வரைபடமாக்கினால் சில இடங்களில் கோடு பள்ளமாக இறங்கும். இரு பக்கமும் உயர்ந்து நடுவில் ஆழமாக இறங்கிய இடமே எல்லை.

நம் பத்தியில் இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். முதல் ஐந்து வாக்கியங்களில் அரிசி, உளுந்து, ஊறுதல் என்று வருகிறது. ஆறாவதிலிருந்து கிரைண்டர், ஐஸ் தண்ணீர், சூடு. பத்துக்குப் பிறகு பாத்திரம், குளிர், பொங்குதல். ‘மாவு’ என்ற சொல்லை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்களில் இருப்பதால் அது எந்த எல்லையையும் காட்டாது. தமிழில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரிசியை, அரிசியில், அரிசிக்கு எல்லாம் ஒரே சொல்தான். கணினிக்கு இதைச் சொல்லித்தராவிட்டால் இல்லாத பள்ளங்களையெல்லாம் அது கண்டுபிடிக்கும்.

பொய்ப் பள்ளங்களும் உண்டு. ஏழாவது வாக்கியத்தில் எழுதியவர் பாட்டியின் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்கிறார். சொற்கள் சட்டென்று மாறுகின்றன, ஆனால் எட்டாவதில் கிரைண்டர் திரும்பிவிடுகிறது. அங்கே வெட்டினால் ஒற்றை வாக்கியம் பத்தியாகி அந்தரத்தில் தொங்கும். பக்கத்து வாக்கியத்தோடு மட்டும் ஒப்பிடாமல் முன்னும் பின்னும் மூன்று நான்கு வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தடுமாற்றம் வராது.

சரி, பத்தாவது வாக்கியத்துக்கு முன்னால் வெட்டலாம். ஆனால் அது “அதை ஒரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றி” என்று தொடங்குகிறது. அது, இது, அதனால், ஆனால் போன்றவை முந்தைய வாக்கியத்தின் கையைப் பிடித்திருப்பவை. ஆகவே இங்கே வெட்டுவதோடு வேலை முடியாது. “அரைத்த மாவை ஒரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றி” என்று திருத்த வேண்டும். “மறுநாள் காலையில்” போன்ற தொடக்கங்களில் இந்தச் சிக்கல் குறைவு.

துணைத்தலைப்பு வேறு கணக்கு. 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் என்ற உளவியலாளர்கள் துணி துவைப்பதை விவரிக்கும் ஒரு பத்தியை, எதைப் பற்றியது என்றே தெரியாதபடி எழுதிச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். விஷயம் என்ன என்று முன்பே அறிந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. தலைப்பு உதவுவது, வரப்போவதை எங்கே பொருத்துவது என்று முன்கூட்டியே சொல்வதால்தான்.

இட்லி மாவில் ஊறவைப்பதும் அரைப்பதும் தனித்தனிப் பத்திகள், ஆனால் தனித்தனித் தலைப்பு வேண்டாம். படிப்பவர் ஒன்றிலிருந்து மற்றதற்கு இயல்பாகவே போய்விடுவார். புளிக்க வைக்கும் பகுதி அப்படியல்ல. மார்கழியில் மாவு பொங்காத கவலையில் நேராக அதைத் தேடித்தான் பலர் வருவார்கள். ஆகவே முதல் இரண்டு பத்திகளுக்குச் சேர்த்து ‘ஊறவைத்து அரைப்பது’, அடுத்ததற்கு ‘குளிரில் மாவு பொங்கவில்லையா?’ என்று இரண்டு தலைப்புகள் போதும். ‘சில குறிப்புகள்’ என்று போடுவது என் கணக்கில் வெற்றிடத்துக்குச் சமம், எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தலைப்பை மறைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். “இதற்குக் காரணம்” என்று தொடங்கி, ‘இது’ தலைப்பைச் சுட்டினால், அந்த வாக்கியத்தில் விஷயத்தின் பெயரையே எழுதிவிட வேண்டும். பலர் தலைப்பைக் கண்ணால் தாண்டி நேராக வாக்கியத்துக்கு வருகிறார்கள்.