6/6 வாசிக்கற குழந்தைக்கு எதுக்கு கண்ணாடி? ஒளிஞ்சிருக்கற ப்ளஸ் பவர் பத்தி

எட்டு வயசுப் பையன். ஸ்கூல்ல நடந்த கண் டெஸ்ட்டுல ரெண்டு கண்ணுலயும் கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டான், பேப்பர்ல 6/6, பார்வை நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் நெத்தி வலிக்குதுன்னு படுத்துக்குவான், ஹோம்வொர்க் எழுத உக்காந்தா பத்து நிமிஷத்துல கண்ணைக் கசக்க ஆரம்பிச்சுடுவான், லீவு நாள்ல மட்டும் தலைவலி இல்ல. அதனால வீட்ல எல்லாரும் படிக்க சோம்பேறித்தனம்னு முடிவு பண்ணிட்டாங்க. அவனோட அம்மா மட்டும் மொபைல்ல ரெண்டு போட்டோவைக் காட்டி, "இதுல இடது கண்ணு மூக்குப் பக்கமா போன மாதிரி இருக்கே, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"ன்னு கேட்டாங்க.

கண்ணுல பவர் பாக்கறதுதான் என் வேலை. அன்னைக்கு அவனை மெஷின்ல உக்கார வச்சப்போ ரெண்டு கண்ணுலயும் ப்ளஸ் 0.75 கிட்டத்தான் காட்டுச்சு, அந்த வயசுக்கு அது சாதாரணம். அப்புறம் சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா வலது கண்ணு ப்ளஸ் 4.50, இடது கண்ணு ப்ளஸ் 5. அதே பையன், அதே கண்ணு. முக்கால் மணி நேரத்துல நாலு பவர் புதுசா வந்துடல, அது அங்கயேதான் இருந்துச்சு, அவன் பிடிச்சு மறைச்சு வச்சிருந்தான். அவனுக்கே தெரியாம.

எப்படி மறைக்க முடியுதுன்னு பாப்போம். ப்ளஸ் பவர் இருக்கற கண்ணு, அதாவது தூரப்பார்வைக் கண்ணு, பெரும்பாலும் முன்னுக்குப் பின் நீளத்துல கொஞ்சம் குட்டையா இருக்கும். அதனால தூரத்துல இருந்து வர்ற வெளிச்சம் விழித்திரையில குவியாம, அதுக்குப் பின்னாடி குவியப் பாக்கும். கண்ணு சும்மா இருந்தா தூரமே மங்கலாத்தான் தெரியணும். ஆனா கண்ணுக்குள்ள லென்ஸைச் சுத்தி ஒரு வளையமான தசை இருக்கு, அது இறுகினா லென்ஸ் தடிச்சு உருண்டையாகும், பவர் கூடும், குவியற இடம் முன்னாடி நகர்ந்து சரியா விழித்திரை மேல வந்து உக்காந்துடும். நாம எல்லாருமே கிட்டத்துல படிக்கறப்போ இதைத்தான் செய்யறோம். ப்ளஸ் பவர் குழந்தை அதைத் தூரத்துக்கும் சேத்து, கண்ணு முழிச்ச நிமிஷத்துல இருந்து தூங்கற வரைக்கும் செய்யுது.

குழந்தைங்களுக்கு இந்தத் தசைக்கும் லென்ஸுக்கும் இருக்கற திறன் ரொம்பப் பெருசு. எட்டு வயசுல சராசரியா 16 டையாப்டர் வரைக்கும் கூட்ட முடியும் (கண்ணாடிச் சீட்டுல நாம பவர்னு சொல்ற நம்பர் இருக்கே, அதோட அளவுதான் டையாப்டர்). நாப்பது அம்பது வயசுல அது வத்திப் போறதாலதான் பெரியவங்க பேப்பரைத் தள்ளிப் பிடிக்கறாங்க. இப்போ நம்ம பையன் கணக்கைப் போடுங்க. போர்டைப் பாக்க 4.5. புக்கை 33 சென்டிமீட்டர்ல வச்சுப் படிக்க யாருக்குமே 3 வேணும், அவனுக்கு அதோட 4.5 சேந்து 7.5. கையில 16 இருக்கறவனுக்கு 7.5 முடியாத விஷயம் இல்ல, ஆனா கிட்டத்தட்ட பாதி, அதைப் பீரியட் பீரியடா விடாமப் பிடிக்கணும். ஒரு கனமான பையைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னா ஒரு நிமிஷம் யார் வேணா நிப்பாங்க, அந்த நிமிஷத்துல போட்டோ எடுத்தா ஒரு கஷ்டமும் தெரியாது. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாக்கணும்.

ஸ்கூல் டெஸ்ட்டுல நடக்கறது அந்த ஒரு நிமிஷ போட்டோதான். தூரத்துல எழுத்து அட்டை, ஒரு கண்ணை மூடு, வாசி, அடுத்த கண்ணு, போ. கிட்டப்பார்வை இருக்கற குழந்தை இதுல உடனே மாட்டிக்கும், ஏன்னா மைனஸ் பவரை இறுக்கிச் சரி பண்ண வழியே இல்ல, இறுக்கினா இன்னும் மங்கும். ப்ளஸ் குழந்தை நாலு பவரை அந்தப் பத்து செகண்டுக்கு அசால்ட்டாப் பிடிச்சுட்டு 6/6 வாசிச்சுட்டுப் போயிடும். எழுத்து தெரியுதாங்கறதை மட்டும்தான் அட்டை கேக்குது, எவ்ளோ சிரமப்பட்டுத் தெரியுதுன்னு கேக்கறதில்ல. டெஸ்ட் பண்றவங்க மேல தப்பே இல்ல, அவங்க கருவி அவ்ளோதான் சொல்லும்.

இதுக்கு ஒரு சின்ன உபாயம் உண்டு, சில இடங்கள்ல செய்வாங்க. ப்ளஸ் 2 லென்ஸை மாட்டிவிட்டு மறுபடி அதே வரியை வாசிக்கச் சொல்றது. சாதாரணக் கண்ணுக்கு அந்த லென்ஸ் போட்டா தூரம் மங்கணும், மங்காம கடகடன்னு வாசிச்சா அந்தக் குழந்தைக்கு அவ்ளோ ப்ளஸ் உள்ள இருக்குன்னு சந்தேகப்படலாம். நல்ல டெஸ்ட்தான், ஆனா இதுலயும் ஓட்டை இருக்கு. சில குழந்தைங்களுக்கு அந்தத் தசை பிறந்ததுல இருந்து இறுகியே பழகினதால, முன்னாடி லென்ஸ் வச்சு உதவி பண்ணாலும் விட்டுக் குடுக்காது. அப்போ அவங்களுக்கும் மங்கும், அவங்களும் நார்மல்னு போயிடுவாங்க. ரொம்ப ஆழமா ஒளிச்சு வச்சிருக்கறவங்கதான் இதுலயும் தப்பிக்கறாங்கங்கறது எனக்கு எப்பவும் உறுத்தற விஷயம். மெஷினும் அப்படித்தான், உள்ள தெரியற படத்தைப் பக்கத்துல இருக்கறதா நினைச்சு குழந்தை இன்னும் இறுக்கும், ப்ளஸ் கொறைஞ்சு காட்டும். சில சமயம் மைனஸே காட்டும், அதை நம்பி மைனஸ் கண்ணாடி குடுத்துட்டா பாவம் அந்தக் கண்ணுக்கு வேலை இன்னும் கூடிடும்.

குழந்தையே வந்து சொல்லாதான்னு கேப்பீங்க. சொல்லாது. அதுக்குத் தளர்வான கண்ணு எப்படி இருக்கும்னே தெரியாது, எல்லாருக்கும் படிச்சா நெத்தி வலிக்கும்னு நினைச்சுக்கும்.

இப்போ அந்தப் போட்டோ விஷயம். லென்ஸைத் தடிக்க வைக்கற கட்டளை மூளையில இருந்து தனியா வர்றதில்ல, ரெண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் திருப்பற கட்டளையும் கூடவே வரும். கிட்டத்துல பாக்கறப்போ ரெண்டுமே தேவைங்கறதால உடம்பு அப்படிக் கோத்து வச்சிருக்கு. நம்ம பையன் புக்கைப் பாக்க 7.5 அளவு இறுக்கறான், அதுக்கு உண்டான உள்பக்க இழுப்பும் வருது, ஆனா புக்கு இருக்கற தூரத்துக்கு 3க்கு உண்டான திருப்பம் போதும். மீதி இழுப்பை மூளை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமாளிக்குது. காய்ச்சல் வந்தா, தூக்கம் வந்தா, சாயங்காலம் சோர்ந்தா அந்தச் சமாளிப்பு விட்டுப் போயிடும், ஒரு கண்ணு சட்டுனு உள்ள போகும். டாண்டர்ஸ்ங்கற டச்சு டாக்டர் 1864லயே இந்தத் தொடர்பை எழுதி வச்சுட்டார். பொதுவா ரெண்டு மூணு வயசுல தலைகாட்டும், முதல்ல எப்பவாவது, அப்புறம் எப்பவும். கண்ணு அடிக்கடி திரும்பியே இருந்தா மூளை அந்தக் கண்ணோட படத்தை ஒதுக்க ஆரம்பிச்சுடும், அதுதான் சோம்பேறிக் கண்ணுங்கறது, வயசு ஏற ஏற அதை மீட்கறது கஷ்டம். அதனால மாறுகண்ணு தானா சரியாயிடும்னு காத்திருக்கக் கூடாது, அதிர்ஷ்டம்னு விடவும் கூடாது.

மறைஞ்ச பவரை வெளிய கொண்டு வர ஒரே நம்பகமான வழி அந்தத் தசையை மருந்தால கொஞ்ச நேரம் தூங்க வைக்கறதுதான். பெரும்பாலும் சைக்ளோபென்டோலேட்ங்கற சொட்டு. எரியும், அழுவாங்க, பொய் சொல்லாம முன்னாடியே சொல்லிடறது நல்லது. கருவிழி நிறம் அடர்த்தியா இருந்தா மருந்து பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும், அவசரப்பட்டுப் பாத்தா பாதிப் பவர்தான் கிடைக்கும். அப்புறம் இருட்டு ரூம்ல ரெட்டினோஸ்கோப்னு கையில பிடிக்கற சின்ன லைட்டால கண்ணுக்குள்ள ஒரு கோடு மாதிரி வெளிச்சத்தை அடிச்சு அசைப்போம், கண்பாப்பாவுக்குள்ள செம்மண் நிறத்துல ஒரு ஒளி தெரியும். ப்ளஸ் கண்ணுல அந்த ஒளி நம்ம லைட் போற பக்கமே கூடப் போகும், முன்னாடி ப்ளஸ் லென்ஸை ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே வந்தா ஒரு இடத்துல அசைவே நின்னு கண்பாப்பா முழுக்க ஒரே வெளிச்சமா நிறையும். அந்த லென்ஸ்ல இருந்து நாம உக்காந்திருக்கற தூரத்துக்கான பவரைக் கழிச்சா குழந்தையோட பவர் கிடைச்சுடும். குழந்தை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல. அன்னைக்கு முழுக்கக் கிட்டத்துல மங்கும், வெளிச்சம் கூசும், பெரும்பாலும் அடுத்த நாளுக்குள்ள சரியாயிடும்.

ப்ளஸ் வந்துடுச்சுன்னா எல்லாருக்கும் கண்ணாடின்னு அர்த்தம் இல்ல. பிறக்கறப்போ பெரும்பாலான குழந்தைங்க ரெண்டு பவர் கிட்ட ப்ளஸ்லதான் இருப்பாங்க, வளர வளரக் கொறையும். தொந்தரவு இல்லாத சின்னப் ப்ளஸை விட்டுடுவோம். கண்ணு உள்ள திரும்புதுன்னா சொட்டு விட்டுக் கண்டுபிடிச்ச பவரை முழுசாக் குடுப்போம். இன்னொண்ணு, காலையில எழுந்ததும் தலைவலி, கூட வாந்தி, திடீர்னு கண்ணு திரும்பி எல்லாம் ரெண்டா தெரியுதுன்னா அது இந்தக் கதை இல்ல, அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்.

கண்ணாடி குடுத்த பத்தாவது நாள் அவனோட அம்மா போன் பண்ணாங்க. "போட்டா மங்குதுங்கறான், கழட்டினா நல்லா தெரியுதாம், பவர் தப்பா போட்டுட்டீங்களா?" நிறைய கண்ணாடி இந்தக் கட்டத்துலதான் டிராயருக்குள்ள போகுது. தசை இன்னும் பழைய இறுக்கத்தை விடல, அது பிடிச்சிருக்கறதும் கண்ணாடி குடுக்கறதும் சேந்து அதிகமாயிடுது, அதான் மங்கல். காலையில எழுந்ததுமே போட்டுவிடுங்க, நடுவுல கழட்ட வேணாம், சில வாரம் குடுங்கன்னேன்.

ஆறு வாரம் கழிச்சு வந்தான். தலைவலி வாரத்துல ஒரு நாள்னு கொறைஞ்சிருந்துச்சு, "எழுத்து பெருசாயிடுச்சு"ன்னான், ப்ளஸ் லென்ஸ் கொஞ்சம் பெருசாக் காட்டும், உண்மைதான். அம்மாவுக்கு மட்டும் ஒரு பயம், கழட்டினா முன்னாடிய விட நல்லாவே கண்ணு உள்ள போகுதே, கண்ணாடியால கெட்டுப் போச்சான்னு. இல்ல. இத்தனை நாள் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்த மூளை இப்போ அந்த வேலையை விட்டுடுச்சு, அதனால திரும்பறது மறையாம தெரியுது. கண்ணாடியைக் கழட்டச் சொல்லி அட்டையைக் காட்டினேன், ரெண்டு கண்ணுலயும் தனித்தனியா 6/6 வாசிச்சான், ஸ்கூல் பேப்பர்ல இருந்த அதே 6/6. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு இன்னொரு வரி வாசிக்கச் சொன்னேன், பாதி வரியிலயே இடது கண்ணு மூக்குப் பக்கம் போயிடுச்சு. கண்ணாடியை மாட்டினதும் நேரா வந்து நின்னுச்சு.