மதுவோடு தூக்க மாத்திரை: படுத்த பிறகு மூச்சுக்கு என்ன ஆகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் இரவில் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டு வருகிறார். தூக்கம் வரவில்லை என்று அதற்கு மேல் தூக்க மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். படுக்கும்வரை தெளிவாகத்தான் பேசுகிறார். இதில் ஆபத்து இருக்கிறதா?"

இருக்கிறது. அது அவர் படுத்த பிறகுதான் தொடங்குகிறது.

மூளையின் பரபரப்பை அடக்க 'காபா' என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்பதைப் பலரும் படித்திருப்பீர்கள். அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற மாத்திரைகள் காபாவின் வேலையை வலுவாக்குகின்றன, அவ்வளவுதான். காபா இல்லாமல் அவற்றால் தனியாக எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் திடகாத்திரமானவர் மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் மூச்சு நிற்கும் அளவுக்குப் போவது அரிது. மது இந்த எல்லையை உடைத்துவிடுகிறது. அதுவும் காபாவுக்குக் கைகொடுக்கிறது. அதோடு நில்லாமல், மூளையைத் தூண்டும் குளுட்டமேட்டையும் முடக்குகிறது.

இனி மூச்சுக்கு வருவோம். தூங்கும்போது நம்மை மூச்சுவிட வைப்பது மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் நரம்பணுக்கள். அடுத்த மூச்சு எவ்வளவு ஆழமாக, எவ்வளவு விரைவில் வர வேண்டும் என்பதை அங்கே பெரும்பாலும் தீர்மானிப்பது ஆக்சிஜன் அல்ல, கரியமில வாயு. ரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும். அது இரண்டு மூன்று புள்ளி ஏறினாலே ரத்தத்தின் அமிலத்தன்மை சற்றுக் கூடும். முகுளத்தின் உணர்வணுக்கள் அதைக் கண்டுகொண்டு மூச்சை ஆழமாக்கிவிடும். கருவி எதுவும் வைக்காமல், வாழ்நாள் முழுவதும், நமக்குத் தெரியாமலே நடக்கும் இந்த அளவீட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இதற்கு மேல் இன்னொரு காவலும் உண்டு. மல்லாந்து படுத்தவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரியமில வாயு ஏறுகிறது. மூளை ஒரு கணம் விழிக்கிறது. நாக்குத் தசை இறுகுகிறது. அவர் புரண்டு படுத்து, பெருமூச்சு விட்டு மறுபடி தூங்கிவிடுகிறார். காலையில் அது எதுவும் நினைவில் இருக்காது.

மதுவும் மாத்திரையும் சேரும்போது இவை எல்லாமே ஒருசேரத் தளர்கின்றன. உணர்வணுக்கள் மந்தமாகின்றன, நாக்குத் தசை தொய்கிறது, விழிப்பு வருவதில்லை. கரியமில வாயு 80, 90 என்று ஏறினால் அதுவே மயக்க மருந்துபோல் வேலை செய்யத் தொடங்குகிறது. மயக்கம் கூடக் கூட மூச்சு குறைகிறது. மூச்சு குறையக் குறைய மயக்கம் கூடுகிறது. கடைசியில் ஆக்சிஜன் இன்றி இதயம் நின்றுவிடுகிறது.

வாசகியின் கணவர் ஒன்பது மணிக்குக் குடித்து முடிக்கிறார், பத்து மணிக்கு அல்பிரசோலம் போடுகிறார் என்று கொள்வோம். அந்த மாத்திரை ரத்தத்தில் உச்சத்தை எட்ட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அதாவது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், வீடே உறங்கும் வேளையில். மது அப்போது வற்றியிருக்குமா? 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கழிக்கும். விடியற்காலைவரைகூட மிச்சம் இருக்கலாம். "ரெண்டு மணி நேரம் விட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரமே இல்லை. டயஸிபாம் என்றால் முந்தின நாள் மாத்திரையே உடலில் தங்கியிருக்கும்.

படுத்திருப்பவரின் மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. பத்துக்குக் கீழே போனாலோ, மூச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழுந்தாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லை என்றாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றுவிட்டால் 108-இல் பேசுபவர் சொல்கிறபடி மார்பை அழுத்தத் தொடங்குங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு "பேய் அமுக்குகிறது" என்று திருநீறு பூசி உட்கார்ந்திருப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அங்கே இழக்கப்படுவது ஆம்புலன்ஸ் வந்துசேர வேண்டிய நிமிடங்கள்.

வாசகிக்கு இன்னும் ஒன்று. தினமும் குடிப்பவர் மதுவையும் மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே மாத்திரைகளை ஒளித்துவைப்பதும் தீர்வாகாது. குடியை நிறுத்துபவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் குளோர்டயசெபாக்சைடும் இதே குடும்பத்து மாத்திரைதான். அங்கே மது இல்லை, மூச்சையும் நாடியையும் பார்க்க ஆள் இருக்கிறார்கள். எத்தனை மில்லி குடிக்கிறார், எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்பதை ஒரு தாளில் எழுதி, அட்டையையும் எடுத்துக்கொண்டு, இருவருமாக மருத்துவரிடம் போங்கள்.