வரிகளுக்கு இடையே படித்தல்: சொல் விளக்கம்

‘வரிகளுக்கு இடையே படிப்பது’ என்று இப்போது சரளமாக எழுதுகிறோம். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து வந்த தொடர் இது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் பரவியது. சாதாரணக் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத மையால் ரகசியம் எழுதும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. தொடர் அதிலிருந்து பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுதியவர் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வதுதான் பொருள்.

தமிழில் இதற்குப் பழைய சொல் ‘குறிப்பு’. தொல்காப்பியம் ‘தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும்’ என்று சொல்லின் பொருளை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லிலேயே விளங்குவது வெளிப்படை, உணர்ந்துகொள்ள வேண்டியது குறிப்பு. குறிப்பறிதல் என்ற பெயரில் திருக்குறளில் 71, 110 என இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் முகமும் கண்ணும் எதிரே இருக்கின்றன. கடிதத்தில் முகம் ஏது? அதனால் எழுத்தைப் பற்றிப் பேசும்போது ‘குறிப்புப்பொருள்’, ‘குறிப்புணர்ந்து படித்தல்’ என்பவையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஒரு சிறுகதையில் வைத்துப் பார்ப்போம். பாட்டி தன் அக்காவுக்கு எழுதிய பழைய கடிதங்கள் பேத்தியின் கைக்கு வருகின்றன. முதலில் அவள் தேடுவது அடித்த சொற்களையும் மை பரவிய இடங்களையும். ஒரு கறையைப் பார்த்ததும் பாட்டி அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறாள். அப்புறம் பாட்டியின் கணக்கு நோட்டைப் புரட்டினால் அதிலும் அதே கறைகள். பேனா ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் இருப்பது குறிப்பு ஆகாது. வழக்கத்திலிருந்து விலகுவதுதான் குறிப்பு. வழக்கம் தெரிய வேண்டுமானால் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படிக்க வேண்டும்.

அப்படி அடுக்கிப் படிக்கும்போது ஒரு வரி தட்டுப்படுகிறது: “நேற்று அவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.” அவர் என்பது தாத்தா. வெளிப்படையாகப் பார்த்தால் ஒரு நாள் சாப்பாட்டுச் செய்தி. ஆனால் அந்த ‘உம்’மை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதிச் செய்தி போய்விடும். தினமும் நடப்பதை யாரும் இப்படி எழுத மாட்டார்கள். பேத்தி முந்தைய கடிதங்களைத் திரும்பப் புரட்டுகிறாள். சாப்பாட்டைப் பற்றிப் பாட்டி எழுதிய இடங்களில் ‘நானும் பிள்ளைகளும்’ மட்டுமே இருக்கிறார்கள்.

இன்னொரு கடிதத்தில்: “உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டத்தான் செய்தேன். இங்கே மழை விட்டுவிட்டது.” காட்டத்தான் செய்தாள், அதற்கு அவர் என்ன சொன்னார்? வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. இப்படிச் சொல்லாமல் ஒழிந்த சொற்களால் பொருள் நிரம்புவதை இலக்கணம் ‘ஒழியிசை’ என்கிறது. ‘கூரியதோர் வாள்மன்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். ‘கூர்மையான வாள்தான்’ என்பதோடு வாக்கியம் முடிகிறது. ‘ஆனால் உறுதியில்லை’ என்பதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். அந்த ‘மன்’ செய்த வேலையைப் பாட்டியின் ‘தான்’ செய்கிறது. இந்தச் சின்ன இடைச்சொற்களில்தான் தமிழ்க் கடிதங்கள் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கின்றன. அதனால்தான் வரிகளுக்கு ‘இடையே’ தேடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பாட்டி சொன்னது வரியிலேயே இருக்கிறது.

சரி, பேத்தி இதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? அதற்கு முந்தைய கடிதங்களில் எல்லாம் ‘நீ கூப்பிட்டபடி பிள்ளைகளோடு வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன்’ என்ற பேச்சு வருகிறது. மழை விட்ட கடிதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ‘தான்’ என்ற சொல், சட்டென்று மழைக்குத் தாவியது, பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது, மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஆகவே அக்கா வீட்டுக்குப் போவதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை என்று அவள் கொள்ளலாம். தாத்தா கோபப்பட்டாரா, பேசாமல் எழுந்து போனாரா என்பதற்குக் கடிதத்தில் ஆதாரம் இல்லை. அதை அவள் இட்டு நிரப்பினால் அது பாட்டியின் குறிப்பு அல்ல, பேத்தியின் கற்பனை.

கதை எழுதுகிறவரும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கடித வரிகளை அப்படியே தந்துவிட்டு, பேத்தி பழைய கடிதங்களை மறுபடி புரட்டுவதைக் காட்டினால் போதும். ‘தாத்தா மறுத்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், அந்த இடத்திலேயே குறிப்பு வெளிப்படையாகிவிடும், வாசகருக்கு உணர்ந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது.