அரை மாத்திரைதானே டாக்டர்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு அடுத்தபடியாக அதிகம் காதில் விழுவது இதுதான்: "பையனைப் பார்க்க அமெரிக்கா போறோம் டாக்டர், 16 மணி நேரம் ஒரே சீட்டுல உட்காரணும், தூங்கறதுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க." நான் எழுதிக் கொடுப்பதில்லை. நான் கொடுக்காவிட்டால் மச்சினர் கொடுப்பார், பக்கத்து வீட்டு மாமி கொடுப்பார், நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு எதற்கோ வாங்கி அலமாரியில் கிடக்கும் அட்டை கொடுக்கும். போன மாதம் வந்தவருக்கு அப்படித்தான் அலமாரி கொடுத்தது.

வயது 67, ஓய்வுபெற்ற பொறியாளர், எடை 92 கிலோ, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. நன்றாகக் குறட்டை விடுபவர். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஓர் இரவுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், இரண்டு முறையும் சிரித்துவிட்டுப் போனார். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலு மணி நேரம் சொச்சம், அங்கே இறங்கி ஏறி டாலஸுக்கு 16 மணி நேரம். இரண்டாவது விமானத்தில் சாப்பாட்டோடு இரண்டு பெக் விஸ்கி. "ஓசியில குடுக்கறான், வேண்டாம்னா சொல்ல முடியும்?" கூடவே மனைவியின் கைப்பையில் இருந்த அல்பிரசோலம் என்ற தூக்கம் தரும் மாத்திரை, 0.5 மில்லிகிராமில் பாதி. முக்கால் மணி நேரம் கழித்து மீதிப் பாதி. அதற்கப்புறம் ஒரு முழு மாத்திரை, ஏனென்றால் முதலில் போட்டதே அவருக்கு மறந்துவிட்டது.

எனக்கு இதையெல்லாம் சொன்னது அவர் மனைவி. அவரைக் கேட்டால், "நல்ல தூக்கம் டாக்டர், ஏறினதுதான் தெரியும், இறங்கினதுதான் தெரியும்" என்கிறார். நடுவில் நடந்தது இது: ஏறி ஐந்து மணி நேரம் இருக்கும், இருட்டில் எழுந்து கழிவறைக்குப் போவதாக நினைத்து எதிர்ப்பக்கம் நடந்து, பணிப்பெண்கள் சாப்பாடு தயார் செய்யும் இடத்தில் நின்றுகொண்டு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் யாரையோ அதட்டி, அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். நெற்றியில் காயம். உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது என்று மனைவி சொன்னார். நல்லவேளை, பின் வரிசையில் ஒரு மலையாளி நர்ஸ். கொரோனா காலத்தில் நாமெல்லோரும் வாங்கினோமே, விரலில் மாட்டும் சின்னக் கருவி, அது அந்தப் பெண்ணின் பையில் இருந்தது. மாட்டிப் பார்த்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் 83 சதவீதம். ஆக்சிஜன் வைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, மீதிப் பயணம் முழுக்க அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். இத்தனையில் ஒன்றுகூட இவருக்கு ஞாபகம் இல்லை. நெற்றியில் தையல் எப்படி வந்தது என்றால் மனைவியைப் பார்க்கிறார்.

அந்த ஞாபக மறதியில்தான் எனக்கு எரிச்சலே. தூக்க மாத்திரையைப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு மாமாவும் "நான் போட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார். உங்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வகை மாத்திரைகள் தூங்க வைப்பதோடு, விழித்திருக்கும்போது நடப்பதை மூளை பதிந்து வைப்பதையும் நிறுத்திவிடுகின்றன. ஆள் நடப்பார், பேசுவார், இமிக்ரேஷனில் கையெழுத்துகூடப் போடுவார், ஒன்றும் பதிவாகாது. 1987-லேயே ஒரு மருத்துவ இதழில் இதற்கு 'பயணியின் மறதி' என்று பெயர் வைத்து எழுதினார்கள். அதில் மாட்டியவர்கள் மூன்று பேர், மூன்று பேருமே மூளை பற்றி ஆராயும் விஞ்ஞானிகள், விமானத்தில் டிரையசோலம் என்ற தூக்க மாத்திரை போட்டவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி. 'நல்லா தூங்கினேன்' என்று இவர் சொல்வதில் பாதி நேரம் தூக்கமே இல்லை, பதிவாகாத நேரம்.

அடுத்து அந்த 'அரை'. அல்பிரசோலத்தில் நாங்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் அளவே 0.25 மில்லிகிராம்தான், அதாவது அந்த அரை. பாதியாக உடைத்ததால் அது பாதி மருந்து ஆகிவிடவில்லை, சரியான ஒரு வேளை மருந்து. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்ய நேரம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் 'கேக்கலையே' என்று அடுத்ததைப் போடுகிறார்கள். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இளைஞர்களுக்கே சுமார் 11 மணி நேரம், வயதானவர்களுக்கு 16 மணி நேரம்கூட ஆகும். ஆக டாலஸில் இறங்கி டிராலியைத் தள்ளும்போதும் உள்ளே மருந்து ஓடிக்கொண்டிருக்கும். விழுந்து இடுப்பு உடைவது பெரும்பாலும் விமானத்தில் நடப்பதில்லை, மகன் வீட்டு மாடிப்படியில் முதல் இரவு நடக்கிறது. சோல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மாத்திரை சீக்கிரம் இறங்கிவிடுமே என்று கேட்பவர்களுக்கு: அதைப் போட்டால் ஏழெட்டு மணி நேரம் யாரும் எழுப்பாமல் படுக்க முடிய வேண்டும், விமானத்தில் அதற்கு யார் உத்தரவாதம்? தூக்கத்தில் நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது என்று நடந்ததால் 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மருந்துக் குறிப்பில் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது.

இனி அந்த 83. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவு வரை இறங்கலாம், புது ரக விமானங்களில் சுமார் 6,000 அடி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஆரோக்கியமானவருக்கே ஆக்சிஜன் 90-ஐ ஒட்டி வந்துவிடும், தூங்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதன் மேல் மது. ஜெர்மனியில் ஒரு ஆய்வு செய்து 2024-ல் வெளியிட்டார்கள்: 40 வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமானவர்களை விமானத்தில் இருப்பது போன்ற காற்றழுத்த அறையில் படுக்க வைத்து, இரண்டு கேன் பீருக்குச் சமமான மதுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் ஆக்சிஜன் 85-ஐ ஒட்டி நின்றது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88-ஐத் தொட்டது. தூங்கும் இதயம் ஓடுகிற வேகம் அதுவா? கொரோனா சமயத்தில் 94 என்று காட்டினாலே நள்ளிரவில் எனக்கு போன் போட்டவர்கள்தான் நீங்களெல்லாம். அந்த இளைஞர்கள் மாத்திரை எதுவும் போடவில்லை, 92 கிலோ எடையும் குறட்டையும் அவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மது தொண்டைத் தசையைத் தளர்த்துகிறது, மாத்திரையும் தளர்த்துகிறது, தலை வேறு முன்னால் தொங்குகிறது, மூச்சுப் போகும் வழி அவ்வளவுதான்.

சிலர் மது, தூக்க மாத்திரை இரண்டையும் விட்டுவிட்டு, சளி மாத்திரை போட்டால் தூக்கம் வருமே என்று அவிலுக்குத் தாவுகிறார்கள். புராஸ்டேட் வீங்கிய ஆணுக்கு அவில் சிறுநீரை அடைத்துவிடும், நடுவானில் அடைத்தால் டியூப் போட ஆள் இல்லை. குழந்தை அழக்கூடாது என்று தூக்கம் வரும் சிரப் ஊற்றும் அம்மாக்களே, தயவுசெய்து வேண்டாம்.

சரி, தூங்கவே கூடாதா என்றால், தூங்குங்கள், கண் மறைப்பும் காதடைப்பும் கழுத்துத் தலையணையும் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றையும் பாதிப் பேர் தப்பாகவே மாட்டுகிறார்கள். அந்த வளைந்த தலையணையின் தடித்த பக்கத்தைப் பிடரியில் வைத்தால் அது தலையை முன்னால் தள்ளும், தாடை மார்பில் போய் இடிக்கும், குறட்டை கூடும். திருப்பிப் போட்டுத் தாடைக்குக் கீழே தடித்த பக்கம் வருமாறு வைத்து, இருக்கையையும் சாய்த்துக்கொண்டு பாருங்கள், தலை நிமிர்ந்து நிற்கும். ஊதும் ரகம் என்றால் முழுக்க ஊதாதீர்கள், முக்கால் போதும். கழுத்தை இறுக்கிப் பொத்தான் போடவும் வேண்டாம்.

காதடைப்பு நுரையை அப்படியே காதில் சொருகினால் ஒரு பயனும் இல்லை. விரலில் உருட்டி ஊசி மாதிரி மெலிதாக்கி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் அடங்கி, உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முக்கியமானது எடுப்பது: தரையிறங்க ஆரம்பிப்பதற்கு முன், அதாவது கடைசி அரை மணி நேரத்துக்கு முன், எழுந்து அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், எச்சில் விழுங்குங்கள். தூங்கிக்கொண்டே இறங்குபவர்கள் விழுங்குவது குறைவு, செவிப்பறை உள்ளே இழுபட்டு வலியோடு என்னிடம் வருவார்கள். மாத்திரை போட்டவரை யார் எழுப்புவது?

கண் மறைப்பில் இமையைத் தொடாமல் குழிந்திருக்கும் ரகம் வாங்குங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், விமானக் காற்று பாலைவனம் மாதிரி வறட்சி. கண்புரை அறுவை செய்து சில வாரங்களே ஆனவர் உங்கள் கண் டாக்டரைக் கேட்காமல் எதையும் கண்ணில் அழுத்தாதீர்கள். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள், இல்லாவிட்டால் விமானம் ஆடும்போது பெல்ட்டைப் பார்க்கப் பணிப்பெண் எழுப்பியே தீருவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தூக்கம் கலைவது நல்லதுதான், எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். மருந்து போட்டு மரக்கட்டை மாதிரி எட்டு மணி நேரம் முழங்காலை மடக்கிக் கிடந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போன கதைகள் என்னிடம் தனியாக இருக்கின்றன.

இன்னொன்று, இது மருத்துவம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அல்பிரசோலம் போன்றவற்றுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு. ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கொண்டுபோக அந்நாட்டு அரசின் முன்அனுமதி வேண்டும். மனைவி பெயரில்கூட மருந்துச்சீட்டு இல்லாத பழைய அட்டையோடு இவர் எந்த ஊர் வழியாகப் போனார் என்று நினைத்தால் எனக்குத்தான் வியர்க்கிறது.

அந்த அட்டையை அந்த அம்மா அன்றைக்கே என் மேஜையில் வைத்துவிட்டார். தூக்கப் பரிசோதனைக்கும் நாள் குறித்தாயிற்று. டிசம்பரில் பேத்திக்குக் காது குத்து, மறுபடியும் போக வேண்டுமாம். எழுந்திருக்கும்போது இவர் கதவருகே நின்று கேட்டார்: "அப்போ கால் மாத்திரை?"