ஜப்பானில் வீடு காலி செய்யும்போது கீழ் வீட்டுக்கு ஒரு சீட்டு

டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்களுக்கு வீடு மாற்ற உதவுவதும், அது தொடர்பான கடிதங்களை ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. மார்ச் கடைசி வந்தால் இங்கே வீடு மாறுகிறவர்கள் அதிகம். அப்போது பலரும் கேட்பது: "குழந்தை ஓடிய சத்தத்துக்குக் கீழ் வீட்டில் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், எப்படி எழுதுவது?"

மூன்றாம் மாடியில் இருந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஓடியாடும் வயதில் ஒரு பையன். கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனம் ஒருமுறை, "காலடிச் சத்தம் குறித்துக் கவனமாக இருங்கள்" என்று பொதுவாக ஒரு தாள் போட்டிருந்தது. அவர்கள் எழுதி வந்த வரைவில், "நீங்கள் புகார் கொடுத்தது தெரியும், பையன் சின்னவன், தரையும் மெல்லியது" என்றிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன். யார் புகார் செய்தார்கள் என்று நிறுவனம் பொதுவாகச் சொல்வதில்லை. கான்கிரீட் கட்டடத்தில் சத்தம் நேர் கீழேதான் கேட்கும் என்றும் இல்லை, சாய்வாகப் போய்ப் பக்கத்து வரிசை வீட்டிலும் கேட்கும். புகாரே செய்யாதவரிடம் இந்தச் சீட்டு போனால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். காரணங்களோ, மன்னிப்பைச் சாக்காக மாற்றிவிடும்.

கடைசியில் கையால் எழுதிய சீட்டில் நின்றவை சில வரிகள்தான். வீட்டு எண்ணும் பெயரும், மார்ச் 28 அன்று காலி செய்கிறோம் என்ற செய்தி, அப்புறம் இந்த வரி:

"கொதோமோ நோ அஷிஓதோ நாதோ தே கோமெய்வாகு ஓ ஓகாகே ஷி, மோஷிவாகே கோசாய்மாசென் தேஷித்தா."

குழந்தையின் காலடிச் சத்தம் போன்றவற்றால் தொந்தரவு கொடுத்தோம், மன்னிக்க வேண்டும் என்று பொருள். 'நாதோ' அதாவது 'போன்றவை' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எந்த நாள், எத்தனை மணி என்று பட்டியல் போட்டால் மறந்துபோன எரிச்சலையும் கிளறிவிடும்.

பலர் விட்டுவிடுவது அடுத்த வரியை. சாமான் ஏற்றும் நாளில் மறுபடி சத்தம் வரும், லாரி நிற்கும், லிஃப்ட் அடைபடும். அதையும் முன்கூட்டியே சொல்லி, காலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்றும் எழுதினோம். கீழ் வீட்டுக்காரருக்கு உண்மையில் பயன்படுவது அந்த நேரம்தான். பிறகு இதுநாள்வரை பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. புது முகவரி எழுதத் தேவையில்லை.

காலி செய்வதற்குச் சில நாள் முன்னால், பகல் வேளையில், 500 முதல் 1,000 யென் வரையிலான பிஸ்கட் டப்பாவோ கைத்துண்டோ எடுத்துப் போய்க் கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் விலை போனால் வாங்குகிறவருக்கு என்ன திருப்பித் தருவது என்று சங்கடம். ஆள் இல்லையென்றால் இன்னொரு வேளை போகலாம், அப்போதும் இல்லையென்றால் சீட்டை மட்டும் தபால் பெட்டியில் போட்டால் போதும்.

நேரடியாக வாக்குவாதம் நடந்திருந்தால் மட்டும் கதவைத் தட்டாதீர்கள். சீட்டு கொடுக்கலாமா என்று முதலில் அந்த நிறுவனத்தைக் கேளுங்கள்.